‘அப்பாவுக்கு வருத்தம்’ என்றால் என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னையில் இருக்கும் நண்பருக்கு ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “அப்பாவுக்கு வருத்தம். ஆஸ்பத்திரியிலை நிக்கிறன். அடுத்த கிழமைதான் வருவன். பின்னேரம் எடுக்கிறன்.”

இதில் சென்னைக்காரர் கேள்விப்படாத சொல் அநேகமாக ஒன்றுகூட இல்லை. ஆனாலும் செய்தி பாதிக்கு மேல் தவறாகப் போய்ச் சேரும். அப்பா எதற்காகவோ மனம் நொந்திருக்கிறார் என்று அவர் நினைப்பார். மகன் ஆஸ்பத்திரி வாசலில் கால் கடுக்க நிற்கிறார் போலும். அடுத்த கிழமை என்றால் எந்தக் கிழமை, செவ்வாயா புதனா? சாயங்காலம் கூப்பிட்டால் எடுப்பேன் என்கிறார், ஆகவே நாம்தான் கூப்பிட வேண்டும். அப்படியே மாலையில் அவர் அழைக்க, அதே நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து இவரும் அழைக்க, இருவருக்கும் லைன் பிஸியாகவே இருக்கும்.

எழுதியவர் சொன்னது இதுதான்: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அடுத்த வாரம்தான் வருவேன், மாலையில் நானே உங்களுக்கு போன் செய்கிறேன்.

ஈழத் தமிழுக்கும் தமிழ்நாட்டுத் தமிழுக்கும் உள்ள வேறுபாடு பற்றிப் பேச்சு வந்தால் பட்டியல் ஒன்றைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். கெதியா என்றால் சீக்கிரம், திறப்பு என்றால் சாவி, பகிடி என்றால் கிண்டல். கேட்கச் சுவையான பட்டியல்தான். ஆனால் இந்தச் சொற்களால் யாருக்கும் பெரிய இடைஞ்சல் வருவதில்லை. தெரியாத சொல் காதில் விழுந்தால் “அப்படின்னா என்ன?” என்று கேட்டுவிடுவோம். இரு பக்கத்துக்கும் நன்றாகத் தெரிந்த சொல், இரு பக்கமும் வேறு பொருளில் புழங்குவதுதான் சிக்கல். தெரிந்த சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அந்தச் செய்தியையே எடுத்துக்கொள்ளலாம். வருத்தம் என்பது வருந்துதலிலிருந்து வந்தது. பழைய தமிழில் உடல் நோவும் களைப்பும் மனத் துயரும் எல்லாமே வருத்தம்தான். தமிழ்நாட்டுப் பேச்சில் அது மனத்தோடு நின்றுவிட்டது. ஈழத்தில் உடலோடு நின்றது. அங்கே நோயாளி வருத்தக்காரர். நீரிழிவுக்குச் சீனி வருத்தம் என்று பெயர். மனம் சரியில்லை என்பதற்குக் கவலை என்ற சொல் இருக்கிறது. “அவருக்குக் கடும் வருத்தம்” என்று ஈழத்து உறவினர் சொன்னால், யார் என்ன சொல்லிப் புண்படுத்தினார்கள் என்று விசாரிக்காமல், எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்க வேண்டும்.

கிழமையின் கதை இன்னும் அழகானது. கிழமை என்றால் உரிமை. கிழார், கிழவோன் என்ற பழைய சொற்களில் இருக்கும் அதே கிழமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை, திங்களுக்கு உரிய நாள் திங்கட்கிழமை. இந்த நாள் பெயரை ஈழத்தார் ஏழு நாளுக்கும் சேர்த்து நீட்டிவிட்டார்கள். ஒரு கிழமை என்றால் ஒரு வாரம், ரெண்டு கிழமை லீவு என்றால் பதினான்கு நாள். இது தமிழ்நாட்டுக்காரருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அவர் சொல்லும் வாரமும் இதே வழியில் வந்ததுதான். வாரம் என்ற வடசொல்லுக்கும் முதலில் நாள் என்றே பொருள். கார்த்திகைச் சோமவாரம் என்று கோயிலில் சொல்லும்போது ஒரு திங்கட்கிழமையைத்தானே சொல்கிறோம்? நாளுக்குரிய சொல்லை வாரத்துக்கு ஆக்கும் வேலையை இரு பக்கமும் செய்திருக்கின்றன. எடுத்துக்கொண்ட சொல்தான் வேறு.

எடுத்தல் தொலைபேசியோடு வந்த வேறுபாடு. தமிழ்நாட்டில் போன் வந்தால் எடுப்பார்கள். தாமாக அழைப்பது என்றால் போன் பண்ணுவார்கள் அல்லது போடுவார்கள். ஈழத்தில் அழைப்பதையே எடுத்தல் என்பார்கள். “நேற்று உங்களுக்கு எடுத்தனான்” என்றால் நேற்று உங்களை அழைத்தேன். கனடாவிலும் லண்டனிலும் வாழும் ஈழத்தவரோடு தொலைபேசியில் பேசுகிற தமிழ்நாட்டுக்காரர்கள் இன்று ஏராளம் என்பதால், இந்த ஒரு சொல்லைத் தெரிந்து வைத்திருப்பது மற்ற எதையும் விடப் பயன்படும்.

மிச்சம் இருப்பது நிக்கிறன். அதைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு சொல் மட்டுமல்ல, ஒரு குடும்பமே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போகிறீர்கள். வீட்டுக்காரர் கதிரையைக் காட்டி “இருங்கோ” என்கிறார். தமிழ்நாட்டுக் காதுக்கு அது “கொஞ்சம் பொறுங்கள்” என்று கேட்கும். ஆகவே விருந்தாளி நின்றுகொண்டே பொறுத்திருப்பார். வீட்டுக்காரர் மறுபடி, இன்னும் பணிவாக, “இருங்கோவன்” என்பார். விருந்தாளி இன்னும் பணிவாகப் பொறுத்திருப்பார். ஈழத்தில் இருத்தல் என்றால் உட்காருதல். நெருங்கியவர்களிடம் குந்து என்பதும் உண்டு. அந்தச் சொல் வடதமிழ்நாட்டுக் கிராமங்களிலும் உயிரோடு இருக்கிறது. பொறு என்று சொல்ல வேண்டுமானால் “நில்லுங்கோ” என்பார்கள்.

இருத்தலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓர் ஊரில் நிலையாக வாழ்வதும் இருத்தல்தான். “நான் கொழும்பிலை இருக்கிறன்” என்றால் குடியிருப்பு அங்கே. “நான் கொழும்பிலை நிக்கிறன்” என்றால் ஏதோ அலுவலாகப் போனவர், இப்போது அங்கே இருக்கிறார். “எத்தினை நாள் நிப்பியள்?” என்று வந்தவரைக் கேட்பது எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற அன்பான விசாரிப்பு. தமிழ்நாட்டுப் பேச்சில் இரண்டுக்கும் இருக்கேன் ஒன்றே போதும். வாழும் இடத்தையும் தற்சமயம் இருக்கும் இடத்தையும் வினைச்சொல்லாலேயே பிரித்துக்காட்டும் வசதி ஈழத் தமிழில் இருக்கிறது. தொலைபேசியில் “எங்கை நிக்கிறாய்?” என்று கேட்பவருக்கு முகவரி வேண்டியதில்லை. ஆள் இப்போது எந்தச் சந்தியில் என்பதுதான் வேண்டும்.

உறவைக் கெடுக்கக்கூடிய சொல் ஒன்று உண்டென்றால் அது பேசுதல். தமிழ்நாட்டில் பேசுவது எல்லாருக்கும் பொதுவான, தீங்கில்லாத செயல். யாழ்ப்பாணத்தில் சாதாரண உரையாடல் கதைத்தல். மேடையில் பேசலாம், கலியாணம் பேசலாம். ஆனால் வீட்டுக்குள்ளே “அம்மா பேசினவ” என்றால் அம்மா திட்டினார். பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளைக்குப் பேச்சு விழும். “உங்க பொண்ணுகிட்ட நேத்து ரொம்ப நேரம் பேசினேன்” என்று ஒரு சென்னை ஆசிரியை சொன்னால், ஈழத்துத் தாய்க்கு ஒரு நொடி நெஞ்சு திக்கென்கும். மறுபுறம், “உங்களோடை கொஞ்சம் கதைக்கவேணும்” என்று ஈழத்தவர் சொல்வது தமிழ்நாட்டில் விளையாட்டாகப் படலாம். அங்கே கதை விடுதலும் கதை அளத்தலும் பொய்க்குப் பக்கத்தில் நிற்பவை. கேட்பவர் பொருளை விளங்கிக்கொண்டாலும் தொனியை விளங்கிக்கொள்ளாமல் போகலாம். இந்த விளங்குதலும் அப்படித்தான். ஈழத்தில் “விளங்குதோ?” என்றால் புரிகிறதா. தமிழ்நாட்டுப் பேச்சில் “வெளங்கிடும்” என்பது உருப்பட்ட மாதிரிதான் என்ற பழிப்பு.

சமையலறைக்குள் போனால், இரண்டு வினைகள் தம் வேலைகளைப் பாதி மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பொரியல் என்பது காயைப் பொடியாக நறுக்கி, தாளித்து, வேகவைத்து, தேங்காய் தூவி இறக்குவது. எண்ணெயில் முறுகவைத்தால் அது பெரும்பாலும் வறுவல்: மீன் வறுவல், உருளைக்கிழங்கு வறுவல். யாழ்ப்பாணத்தில் பொரியல் என்றால் கொதி எண்ணெயில் பொரித்ததுதான்: மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பொரியல், பாகற்காய்ப் பொரியல். காயையோ கீரையையோ தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டி எடுப்பதற்கு வறை என்று பெயர்: கீரை வறை, கோவா வறை, அசைவத்தில் சுறா வறை. எண்ணெய் குறைவாகச் சாப்பிடச் சொல்லி மருத்துவர் எச்சரித்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், பொரியல்தானே என்று யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையில் கேட்டு வாங்கினால், எதைத் தவிர்க்கச் சொன்னார்களோ அதுவே இலைக்கு வரும். அவர் கேட்க வேண்டியது வறை.

மேலே நான் எழுதிய இரண்டு சொற்களை வாசகர் கவனித்திருக்கலாம். தேங்காய்ப்பூ என்பது ஈழத்தில் துருவிய தேங்காய். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் தேங்காய்ப்பூ என்று விற்பது முளைவிட்ட தேங்காயின் உள்ளே திரண்டிருக்கும் பஞ்சுபோன்ற உருண்டை. கோவா என்பது ஈழத்தில் முட்டைக்கோஸ். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை நினைத்துக்கொண்டு கோவா வறையை ருசி பார்க்க உட்கார்ந்தால் ஏமாற்றமே. கடலை என்று கேட்டால் அங்கே கொண்டைக்கடலை தருவார்கள். வேர்க்கடலை வேண்டுமானால் கச்சான் என்று கேட்க வேண்டும்.

சைவ உணவுக்காரர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை கறியும் மச்சமும். மதுரைப் பக்கம் கறி என்றாலே ஆட்டுக்கறி. கறிக்கடை என்றால் இறைச்சிக் கடை. யாழ்ப்பாணத்தில் சோற்றோடு வரும் துணைப் பதார்த்தம் எதுவும் கறி. கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி. காய்கறியே அங்கே மரக்கறி. “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்பவர் வெள்ளிக்கிழமை விரதக்காரராகக்கூட இருக்கலாம். மீனும் இறைச்சியும் சேர்ந்த உணவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மச்சம். “நாங்கள் வெள்ளியிலை மச்சம் காய்ச்சுறதில்லை” என்றால் வெள்ளியன்று அசைவம் சமைப்பதில்லை என்று பொருள். உடம்பில் இருக்கும் மச்சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மீனைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது.

சாப்பாட்டின் நடுவில் இன்னொரு கேள்வி வரும்: “சோறு காணுமோ?” சோறு காணாமல் போகவில்லை. போதுமா என்று கேட்கிறார்கள். போதும் என்றால் “காணும்” என்று சொல்லலாம். “காணாது” என்று சொன்னால் இன்னும் ஓர் அகப்பை சோறு வந்து விழும்.

இனி தமிழ்நாட்டுப் பேச்சு முழுக்க இழந்துவிட்ட ஒன்று. கைக்கு அருகில் இருப்பதை இது என்கிறோம், தூரத்தில் இருப்பதை அது என்கிறோம். இரண்டுக்கும் நடுவே பழந்தமிழில் உது என்று ஒன்று இருந்தது. அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. தமிழ்நாட்டில் மூன்றாவது சுட்டு பள்ளிக்கூட இலக்கணத்தோடு நின்றுபோக, யாழ்ப்பாணத்தில் அது சந்தையிலும் சமையலறையிலும் இன்றும் புழங்குகிறது. உது, உவன், உந்த, உங்கை எல்லாம் உண்டு.

பயன்பாட்டைப் பார்த்தால் இதன் நுட்பம் தெரியும். என் கையில் இருப்பது இது. உங்கள் கையில் இருப்பது உது. நம் இருவரிடமிருந்தும் விலகி இருப்பது அது. “உதை ஒருக்கால் தாங்கோ” என்றால் நீங்கள் வைத்திருப்பதைக் கேட்கிறார் என்பது சுட்டிக்காட்டாமலே தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் தாய் தொலைபேசியில் “உங்கை சரியான குளிரோ?” என்று கேட்கிறார். அங்கை என்று சொல்லியிருந்தால் அது இருவருக்குமே பொதுவான வேறோர் இடம். உங்கை என்றதும் அது மகள் இருக்கும் இடம் ஆகிவிடுகிறது. ஆட்களைச் சுட்டும்போது மட்டும் கவனம் தேவை. உவன், உவை என்பவற்றில் பல நேரம் ஓர் அலட்சியம் ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டுக் காதுக்கு உங்கை என்பது “உங்க” என்றே கேட்கும், அதனால் “உங்க என்ன?” என்று வாக்கியம் முடியக் காத்திருப்பவர்கள் உண்டு.

இப்படிப் பழையதைக் காத்திருப்பதால் ஈழத் தமிழ் கலப்பில்லாத தூய தமிழ் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பலருக்கு உண்டு. அன்பினால் சொல்வது, ஆனால் உண்மை வேறு. வீட்டுப் பொருள்களையே பாருங்கள். பூட்டைத் திறப்பதற்கு ஈழத்தில் திறப்பு என்ற தமிழ்ச் சொல். தமிழ்நாட்டில் சாவி என்ற போர்த்துக்கீசச் சொல். உட்காருவதற்குத் தமிழ்நாட்டில் நாற்காலி என்ற தமிழ்ச் சொல். ஈழத்தில் கதிரை என்ற போர்த்துக்கீசச் சொல். மேசையும் ஜன்னலும் அலமாரியும் இரு பக்கத்துக்கும் அதே மொழியிலிருந்து வந்தவை. போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து நேரடியாக ஆண்டார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதனால் பாண், சப்பாத்து, துவாய், குசினி, களிசான் என்று அன்றாட வாழ்வின் ஆழம் வரை போர்த்துக்கீசம் இறங்கிவிட்டது. அலுவலகத்துக்குப் பழையவர்கள் சொல்லும் கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போனது. தமிழ்நாட்டின் உட்பகுதி அவர்கள் ஆட்சியைப் பார்க்கவில்லை. அங்கே நவாபுகளும் மராட்டியரும் ஆண்டார்கள். ஜாஸ்தி, கம்மி, பாக்கி, ஜமக்காளம் எல்லாம் அந்த வழியில் சேர்ந்தவை. யாழ்ப்பாணத்தில் ஜாஸ்திக்குக் கூட, கம்மிக்குக் குறைவு, பாக்கிக்கு மிச்சம்.

அந்த வழியில் வந்து இரண்டு பக்கமும் தங்கிய சொல் ஒன்று உண்டு, கச்சேரி. யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலையில் காணி உறுதியோடு “கச்சேரிக்குப் போறன்” என்றால், அவர் போவது மாவட்டச் செயலகத்துக்கு. ஆங்கிலேயர் நிருவாகத்தில் அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு வழங்கிய பெயர் அது. பாழடைந்து கிடக்கும் பழைய கச்சேரிக் கட்டடம் யாழ் நகரில் இப்போதும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதே சொல் சபாக்களுக்குள் போய்ப் பாட்டாகிவிட்டது. ஆனாலும் மயிலாப்பூரில் கச்சேரி சாலை என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தப் பெயரில் இருப்பது பாட்டல்ல, பழைய அலுவலகம்.

இதுவரை ஈழம் என்று நான் எழுதியதெல்லாம் பெரும்பாலும் யாழ்ப்பாணம். தீவு முழுக்க ஒரே பேச்சு இல்லை. மட்டக்களப்பில் பிறகு என்பதற்கு மறுகா என்பார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கே அது வேற்றூர்ப் பேச்சு. மலையகத் தமிழரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அவர்கள் பேச்சு இன்றும் தமிழ்நாட்டுக்கே நெருக்கம். வீட்டில் அவர்கள் பேசுவார்கள், கதைப்பதில்லை. முஸ்லிம் வீடுகளில் வாப்பாவும் உம்மாவும் தீவிலும் காயல்பட்டினத்திலும் ஒன்றே.

தமிழ்நாட்டையும் அப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன தடுமாற்றங்கள் எல்லாம் சென்னைக்காரருக்கே அதிகம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவர் யாழ்ப்பாணத்தில் பாதி வீட்டில் இருப்பதுபோல் உணர்வார். லுங்கிக்கு அவரும் சாரம் என்பார், திட்டுவதை ஏசுவது என்பார், சர்க்கரையைச் சீனி என்பார், தேங்காய்ப்பாலில் சொதி வைப்பார். யாழ்ப்பாணத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவே நண்பருக்கும் மனைவிக்கும் வழங்கும் நீர் என்ற விளி சென்னையில் நாடக வசனம்போல் ஒலிக்கும். “வாரும்வே” என்று கேட்டு வளர்ந்த நெல்லைக்காரருக்கு அது புதிதல்ல.

ஆனால் நெருக்கமான இடத்தில்தான் அசட்டையாக இருந்துவிடுவோம். குமரி மாவட்டத்தில் உள்ளி என்றால் வெங்காயம். யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றால் பூண்டு. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எழுதிக்கொடுத்த இரசக் குறிப்பை நாகர்கோவிலில் வைத்துச் சமைப்பவர், உள்ளி ஆறு பல்லு என்ற இடத்தில் “பல்லு” என்பதைப் பார்த்தால் தப்பித்தார். குறிப்பில் வெறும் உள்ளி என்று மட்டும் இருந்தால், அடுப்பை மூட்டுவதற்கு முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.